ரினௌன்ஸ் என்ற சொல்

அந்த வாரம் முழுக்க நான் ஏமாந்தவர்களின் கையெழுத்தின் மேல் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். தெரியாமல்தான் செய்தேன். ஆனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. நாற்பது விண்ணப்பப் பாரங்கள், எல்லாவற்றிலும் கீழ்ப்பகுதியில் ஒரே நீல மை, ஒரே கையெழுத்து, ஒரே பேர். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

சுங்கை பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில், கம்பெனி செக்ரட்டரி ஆபிஸில் வேலை செய்கிறேன். பல சின்னக் கம்பெனிகளின் பங்குதாரர் பதிவேடு எங்களிடம்தான் இருக்கிறது. அதில் ஒன்று, தோட்டத்து ஜனங்கள் பத்தும் இருபதுமாகச் சேர்த்துப் போட்ட காசில் தொடங்கிய தோட்டக் கம்பெனி. பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனி. பங்குகளை வாங்கியவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேர் மறந்துவிட்டார்கள். அந்தக் கம்பெனி புதிதாகப் பங்கு வெளியிட்டு, பழைய பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் கடிதம் அனுப்பியிருந்தது.

கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னால் லூனாஸிலிருந்து ஓர் அக்கா படியேறி வந்தார். அறுபதைத் தாண்டியவர், கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு பேக்டரி கேண்டீனில் சமைப்பவர். பிளாஸ்டிக் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து கவுண்டரில் விரித்தார். வரிக்கு வரி பென்சில் கோடு. ஓரத்தில் குட்டி எழுத்தில் தமிழ் அர்த்தங்கள்.

"தங்கச்சி, எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும். கான்வென்ட்ல ஆறாவது வரைக்கும் படிச்சேன். ஆனா இது புரியல. இந்த ரினௌன்ஸ்ங்கிற வார்த்தை, ஞானஸ்நானத்துல வருமே, பசாச விட்டுட்டேன்னு சொல்வோமே, அதே வார்த்தைதானே? நான் இங்க எத விட்டேன்?"

விரலை வைத்த இடம் பி பாரம். அதில் அவர் கையெழுத்து போட்டிருந்தார். கீழே, பங்கைப் பெறுபவரின் பேர் எழுத வேண்டிய சி பாரம் வெறுமையாக இருந்தது.

"இதுல யாருக்கா கையெழுத்துப் போடச் சொன்னது?"

கம்பெனியின் வட்டாரப் பிரதிநிதியாம். மாதா கோயில் பூசை முடிந்ததும் ஹாலில் மேசை போட்டு உட்கார்ந்தாராம். பணம் கட்ட முடியாது என்பதற்கு ஆதாரம் இது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பழைய பங்கு பத்திரமாக இருக்கும் என்று சொன்னாராம். எல்லாரும் கடிதத்தையே கொடுத்துவிட்டார்கள். இந்த அக்கா மட்டும் கையெழுத்துப் போட்ட பிறகு, வீட்டில் ஒருதரம் படித்துவிட்டுத் தருகிறேன் என்று பையில் வைத்துக்கொண்டார்.

"படிச்சு என்னக்கா பண்ணப் போறீங்கன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்புதான் எனக்குப் புடிக்கல" என்றார்.

அப்போதுதான் அந்த நீல மை என் தலைக்குள் இறங்கியது. உள்ளே போய் அந்தப் பாரக்கட்டை எடுத்துப் பார்த்தேன். நாற்பது பேரின் பி பாரம். நாற்பது சி பாரத்திலும் அந்தப் பிரதிநிதியின் மனைவி பேர். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பேங்க் செக்.

திரும்பி வந்து அக்காவுக்குச் சொன்னேன். கையில் இரண்டு பங்கு இருந்தால் ஒரு புதுப் பங்கு வாங்கலாம், ஒன்று ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். அவரிடம் இரண்டாயிரம் பங்கு, அதனால் ஆயிரம் வாங்கலாம். கூட வந்த கணக்கறிக்கையின்படி ஒரு பங்குக்குப் பின்னால் மூன்று வெள்ளிக்கு மேல் சொத்து இருக்கிறது. "மலிவா வாங்குற உரிமை இது. வேணும்னா ஏ பாரத்துல கையெழுத்துப் போட்டு காசு கட்டணும். வேணாம்னா இன்னொருத்தருக்கு மாத்திவிடலாம், அதுக்கு அவங்ககிட்ட காசுகூட வாங்கிக்கலாம். அதுதான் பி. நீங்க பேர் எழுதாம கையெழுத்துப் போட்டுட்டீங்க. இனி இந்தக் கடிதம் யார் கையில இருக்கோ, அவங்க கீழ பேர எழுதி காசு கட்டினா, பங்கு அவங்களுக்கு. பழைய பங்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க எதுவும் பண்ணாட்டியும் அது உங்களுதுதான்."

அக்கா கடிதத்தை மடித்தார். "அப்ப அவன் ஓசியில வாங்கிட்டான்" என்றார். குரல் உயரவில்லை.

பாதியைத் தான் வாங்கி, பாதியைக் கூலிமில் வேலை செய்யும் மகளுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கடிதத்தை இரண்டாகப் பிரித்துக் கேட்கும் தேதி முந்தின நாளே முடிந்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் கூசியது. பி பாரத்தில் கையெழுத்து விழுந்துவிட்டதால் அவர் பேரிலும் இனி வாங்க முடியாது. ஒரே வழி, மகள் சி பாரத்தில் தன் பேரை எழுதி ஆயிரத்தையும் வாங்குவது. காசை இரண்டு பேரும் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம்.

"என் பேர்ல வந்தது என் பேர்ல இருக்காது."

"இருக்காதுக்கா."

முதலாளியின் அறைக்குப் போனேன். சீனர், நல்லவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். "கையெழுத்து உண்மையா? உண்மை. பணம் வந்ததா? வந்தது. நாம பதிவு செய்றவங்க, போலீஸ் இல்ல. சூடாலா, போதும், விடு" என்றார். யாரிடமும் எதையும் விளக்காதே, பாரத்தை வாங்கு, அவ்வளவுதான் உன் வேலை என்றும் சொன்னார். பத்து வருஷமாக அந்த மேசைக்கு முன்னால் தலையாட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஆட்டவில்லை.

"அந்த அக்கா பங்குதாரர், கம்பெனி மெம்பர். மெம்பர் வந்து பதிவேட்டப் பார்க்கணும்னு கேட்டா காசில்லாம காட்டணும். சட்டத்துல இருக்கு. கேக்குறாங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

அக்கா இன்னும் கேட்கவே இல்லை. வெளியே வந்து, கேளுங்கள் என்றேன். கேட்டார்.

மதியம் முழுக்க மூலை மேசையில் உட்கார்ந்து, பள்ளிக்கூட நோட்டில் லூனாஸ், சிடாம் கிரி பக்கத்து முகவரிகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். சாப்பிடக்கூடப் போகவில்லை. சிலருடைய பேருக்கு நேராக, செத்துட்டார், மகன் இருக்கான் என்று எழுதினார். அடுத்த இரண்டு நாள் லீவு போட்டு, மகளின் காரில் வீடு வீடாகப் போனார்.

கடைசி நாள் காலையில், கடிதத்தை இன்னும் கையில் வைத்திருந்த பதினான்கு பேர் படியேறி வந்தார்கள். சிலர் ஏ பாரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். முந்நூறுதான் இருக்கிறது என்ற ஒரு தாத்தா முந்நூறு பங்கு மட்டும் எடுத்தார், மீதியை விட்டார். இரண்டு பேர் பிள்ளைகளின் பேருக்கு மாற்றினார்கள். நான் ஒவ்வொருவருக்கும் சத்தமாகவே விளக்கினேன். முதலாளி அறைக் கதவு திறந்திருந்தது.

மூன்று மணிக்கு அந்தப் பிரதிநிதி வந்தார். கையில் ஐந்தே ஐந்து கடிதம். கூட்டத்தைப் பார்த்து, "என்னக்கா, இங்க" என்றார்.

அக்கா எழுந்து அவர் முன்னால் போய் நின்றார். "படிச்சு என்ன பண்ணப் போறன்னு கேட்டியே தம்பி. படிச்சேன். உன் சம்சாரம் பேரு நாப்பது இடத்துல இருக்கு. அந்த நாப்பது பேருல என் கூடப்பொறந்த தங்கச்சியும் ஒருத்தி."

பிரதிநிதி என்னைப் பார்த்தார். பதில் நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அவர் கையிலிருந்த ஐந்தையும் வாங்கினேன். வாங்காமல் இருக்க எனக்கு அதிகாரமில்லை.

நாற்பத்தைந்து பேருடைய புதுப் பங்கும் பிரதிநிதியின் மனைவி பேருக்கே போனது. அக்காவின் ஆயிரம் மகள் பேருக்கு வந்தது. கையெழுத்து வாங்கிய விதத்தை அந்த நாற்பத்தைந்து பேரில் பதினொரு பேர் தங்கள் வாயால் சொல்ல, நான் எழுதி, அவர்கள் கையெழுத்திட்ட புகார் கம்பெனி ஆணையத்துக்குப் போயிருக்கிறது. முதலாளிக்கு ஒரு நகலை நானே மேசையில் வைத்தேன். இந்த மாதத்தோடு வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லியிருக்கிறார்.

புகாரைத் தமிழில்தான் எழுதினேன். கையெழுத்துப் போடுமுன் பதினொரு பேரும் அதை முழுக்கப் படித்தார்கள்.