விடை தெரியாத நாலாவது கேள்வி

ஞானசெல்வி எட்டாம் வகுப்போடு நின்றவள். கடமலைக்குண்டில் அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போக வேண்டும், வீட்டில் அனுப்பவில்லை. பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனதே தவிர, படிக்கிற பழக்கம் போகவில்லை. சீனி மடித்து வந்த காகிதம், தீப்பெட்டி, தைல பாட்டில், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் என்று எழுத்து எங்கே கிடந்தாலும் கண் அங்கே போய்விடும். படித்ததை யாரிடமும் சொல்ல மாட்டாள். வாயைத் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம்.

அவளைக் கட்டிய பொன்னுராஜ் அதற்கு நேர்மாறு. தேனியில் ஒரு வங்கியில் குமாஸ்தா. பி.காம். படித்தவர். ஒரு செய்தி தெரிந்துவிட்டால் பத்துப் பேருக்குச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவரைத்தான் போடி ரோட்டிலிருந்த கல்லூரி, வருஷா வருஷம் மாசி மாதத்தில் வணிகவியல் மன்ற விழாவுக்கு வினாடி வினா நடத்தக் கூப்பிட்டது. நாலு கல்லூரிகளிலிருந்து நாலு அணிகள் வரும். அணிக்கு மூன்று பேர்.

மார்கழி பிறந்ததுமே அவர் நீளமான நோட்டு ஒன்றை எடுத்துவிடுவார். பக்கத்தை நாலு கட்டமாகப் பிரித்துக் கோடு போடுவார். கேள்வி, விடை, ஆதாரம், நேரம். முதல் சுற்று நேர்க்கேள்வி. சரியாகச் சொன்னால் பத்து, பாஸ் ஆகி வந்ததைச் சொன்னால் அஞ்சு. இரண்டாவது பஸ்ஸர் சுற்று. முந்தி அமுக்கியவருக்குச் சரி என்றால் பத்து, தப்பென்றால் அஞ்சு குறையும். மூன்றாவது ஒரு நிமிஷச் சுற்று. கடைசிப் பக்கத்தில், அணிகள் சமமாக நின்றால் கேட்பதற்கு, சிவப்பு மையில் மூன்று டை பிரேக்கர்.

ஆதாரம் என்ற கட்டம் ஆதியில் கிடையாது. எண்பத்திரண்டாம் வருஷ விழாவில் அவர், "எத்தனை வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன?" என்று கேட்டார். நோட்டில் இருந்த விடை பதினாலு. பஸ்ஸரை அமுக்கிய அணி இருபது என்றது. அவர் மனசில் நினைத்தது அறுபத்தொன்பதாம் வருஷத்தை. எண்பதில் இன்னும் ஆறு சேர்ந்திருந்தது. கேள்வியில் வருஷத்தை எழுத விட்டுப்போயிற்று. அரைமணி நேரம் கூச்சல். "வங்கியில இருக்கவருக்கே கணக்குத் தெரியல" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்ததை அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்துதான் சொன்னார்.

அடுத்த வருஷம் கல்லூரியின் வணிகவியல் துறைத்தலைவர் சுயம்புலிங்கம் வீட்டுக்கே வந்துவிட்டார். காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"பொன்னுராஜ், பிரின்சிபால் ஒண்ணு சொல்லிட்டாக. இந்தத் தடவையும் தகராறு ஆச்சுன்னா அடுத்த வருஷம் மதுரையில இருந்து ஆளக் கூப்பிட்டுக்கிருவோம்னு. எனக்கு இஷ்டமில்ல. ஆனா நான் சொல்லி நடக்காது பாத்துக்க."

"ஆகாது சார்" என்றார் பொன்னுராஜ். அந்தக் குரலில் இருந்த பயம் அடுக்களையில் நின்ற ஞானசெல்விக்குத் தெரிந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போடச் சொல்வார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு விடைக்கும் புத்தகம், பக்கம் எழுதினார். எழுதியதை எல்லாம் சாயங்காலம் ஞானசெல்வியிடம் படித்துக் காட்டினார். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள். அவள் விடை சொன்னால் அது முதல் சுற்றுக்குப் போகும். தப்பாகச் சொன்னால் பஸ்ஸருக்கு. சுத்தமாகத் தெரியாது என்றால் டை பிரேக்கர்.

"ஒரு மாற்றுச்சீட்டு ஆகஸ்ட் பதினைந்தில் முதிர்கிறது. எந்த நாளில் பணம் கேட்க வேண்டும்?"

"பதினஞ்சு லீவுதான? மறுநா."

"அதான் இல்ல! முந்தின வேலை நாளு. பதினாலு!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு பஸ்ஸர் கட்டத்தில் எழுதினார்.

அப்புறம் ஒரு நாள் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நோட்டை எடுத்து ஆட்டினார். "செல்வி, எல்லா நோட்டுலயும் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து இருக்கும். ஒண்ணுல மட்டும் இருக்காது. எதுல? யாரு கையெழுத்து?"

அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வயசிலேயே எழுத்துக் கூட்டிப் படித்தது அது. ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் ரிசர்வ் வங்கி என்று இல்லாமல் இந்திய அரசு என்று இருக்கும். கீழே நிதித்துறைச் செயலரின் கையெழுத்து. ஆனால் அவர் முகம் அப்போது இருந்த இருப்பைப் பார்த்தாள். விடையை வாய்க்குள் வைத்துக்கொண்டு, திருவிழாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லப்போகிற மாதிரி. அவள், "தெரியலயே" என்றாள்.

அவர் சொன்னார். சொல்லிவிட்டு, "தினம் கையில பிடிக்கிறது. ஒருத்தனும் படிச்சுப் பாக்கமாட்டான்" என்று சிவப்பு மையில் கடைசி டை பிரேக்கராக எழுதினார்.

விழா அன்று அவளும் போனாள். போடி வியாபாரி ஒருவர் போட்டியாளர்களுக்குப் பரிசாக ஏலக்காய் கொடுத்திருந்தார். அதை இருபத்தைந்து கிராமாக நிறுத்து, கண்ணாடித்தாள் பையில் போட்டு, மெழுகுவத்தித் தீயில் வாயை ஒட்டி, கூடுதலாக நாலு சேர்த்துப் பதினாறு பொட்டலம் ஆக்கியது அவள்தான். கூடையோடு மேடைக்குப் பக்கத்தில், கல்லூரி ஆயா அக்கம்மாளுக்கு அருகே முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

பஸ்ஸர் பலகை நன்றாக வேலை செய்தது. ஓர் அணியின் பல்பு எரிந்தால் மற்ற மூன்றும் எரியாதபடி பௌதிகக் கூடத்து ஆள் கம்பி இழுத்திருந்தார். மாற்றுச்சீட்டுக் கேள்விக்கு ஒரு பையன் துள்ளி அமுக்கி, "பதினாறு" என்று சொல்லி அஞ்சு மதிப்பெண் இழந்தான். முணுமுணுப்புக் கிளம்பியதும் பொன்னுராஜ் சட்டத்தின் பிரிவையே படித்துக் காட்டினார். அடங்கிற்று. ஞானசெல்விக்கு மூச்சு வந்தது.

மூன்று சுற்றும் முடிந்தபோது இரண்டு அணிகள் எண்பத்தைந்தில் நின்றன. கம்பத்துப் பையன்கள் ஒன்று. போடிப் பெண்கள் ஒன்று. சிவப்பு மைப் பக்கம் வந்தது. முப்பது விநாடிக்குள் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரட்டைப் பதிவுக் கணக்கை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் யார் என்றதற்கு இரண்டு அணியுமே பசியோலி என்று எழுதின. இரண்டாவதாக, அது அச்சான வருஷத்தைக் கேட்டதற்கு இரண்டும் தப்பு. ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று நாலை ஒருவரும் எட்டவில்லை.

மூன்றாவதாக ஒரு ரூபாய் நோட்டு. பொன்னுராஜ் அதே ஆசையோடு கேட்டார். இரண்டு தாளிலும் சரியான விடை இருந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன், "இது எங்க வீட்டுப் பூனைக்கே தெரியும் சார்!" என்றான். கூடமே சிரித்தது.

நோட்டில் பக்கம் தீர்ந்துபோயிருந்தது.

"டாஸ் போடுங்க சார்!"

"டாஸா? மூணு மணி நேரம் எதுக்குலே உக்காந்திருந்தோம்?"

"போடிக்காரவுகளுக்கே குடுக்கப் பாக்காக!"

சுயம்புலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். முன்வரிசையில் பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்த்தார். பொன்னுராஜ் நோட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் சுருட்டிச் சுருட்டி விரித்தார். மனசிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துப் போட்டால் ஆதாரம் இல்லை. போன வருஷம் மாதிரி ஆகிவிடும். ஞானசெல்விக்குக் காது மடல் சுட்டது. அன்றைக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி முதல் சுற்றுக்குப் போயிருக்கும். இந்த இடத்தில் வேறொன்று இருந்திருக்கும்.

அவள் மடியிலிருந்த கூடையைப் பார்த்தாள். பொட்டலக் கணக்கு எழுதிய தாளைக் கிழித்து, அக்கம்மாளிடம் பென்சில் வாங்கி எழுதினாள்.

"ஆத்தா, இத அங்கன அவுக கையில குடுத்துருங்க."

"நீயே குடு தாயி, பத்தடிதான."

"ஐயோ, மாட்டேன்."

அக்கம்மாள் கொண்டுபோய்க் கொடுத்தாள். பொன்னுராஜ் படித்தார். 'ஒரு ஏலக்காய்ப் பொட்டலத்தைப் பிரிக்காமல் காட்டுங்கள். எத்தனை காய் என்று எழுதட்டும். சரியான எண்ணுக்குப் பக்கத்தில் வருகிறவர்கள் ஜெயித்தவர்கள். விடை எனக்கும் தெரியாது. எல்லோர் முன்னாலும் எண்ணுங்கள்.'

விடை தெரியாத கேள்வியை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு மைக்கில் அப்படியே வாசித்தார். கூடம் குஷியாகிவிட்டது.

போடி அணித்தலைவி ராஜாத்தி எழுந்தாள். "சார், பொட்டலம் எத்தனை கிராம்?"

பொன்னுராஜ் ஞானசெல்வியைப் பார்த்தார். கூடமும் திரும்பிப் பார்த்தது. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இருபத்தஞ்சு" என்றாள். மைக் இல்லாமலே கேட்டது.

இரண்டு அணியும் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தன, திருப்பிப் பார்த்தன. தாள்கள் வந்தன. கம்பம் நூற்று ஐம்பது. போடி நூற்று இருபது. அணித்தலைவர்கள் இருவரும் மேசையில் காயைக் கொட்டிப் பத்துப் பத்தாகக் குவித்தார்கள். பதினொரு குவியல், உதிரி ஆறு. அதில் ஒன்று ஓடு பிளந்து விதை சிதறிக் கிடந்தது.

"இத எண்ணலாமா சார்?" என்றான் கம்பத்துப் பையன்.

"எண்ணுனா நூத்திப்பதினாறு. எண்ணலைனா நூத்திப்பதினஞ்சு. எதுன்னாலும் போடிதான தம்பி பக்கம்?" என்றார் பொன்னுராஜ்.

பையன் சிரித்துவிட்டான். "எங்க அப்பாவுக்கு மலையில ஏலத்தோட்டமே இருக்கு சார். நான் மூட்டையாத்தான் பாத்திருக்கேன்."

"எங்க அம்மா ஏலக்காய் ஸ்டோர்ல காய் பொறுக்கித் தரம் பிரிக்குறாக" என்றாள் ராஜாத்தி. "நான் ஒண்ணொண்ணாப் பாத்திருக்கேன்."

கைதட்டலில் கூரைத்தகடு அதிர்ந்தது. பிரின்சிபால் கேடயத்தைக் கொடுத்துவிட்டு, "அடுத்த வருஷமும் இவரையே கூப்பிட்டுருங்க" என்று சுயம்புலிங்கத்திடம் சொன்னது ஞானசெல்வியின் காதில் விழுந்தது.

திரும்புகிற பஸ்ஸில் வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. ஜன்னல் ஓரம் அவள். பொன்னுராஜ் கேட்டார்.

"செல்வி, அந்த ஒரு ரூவா நோட்டு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு ஏன் தெரியலன்ன?"

"நீங்க சொல்றப்ப நல்லா இருந்துச்சு."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "வேற எத்தன கேள்விக்கு இப்படி?"

அவள் வெளியே பார்த்தாள். "பஜார் வந்துருச்சு, எந்திரிங்க."

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் நோட்டை விரித்துச் சிவப்பு மையில் நாலாவதாக அந்த ஏலக்காய்க் கேள்வியை எழுதினார். விடை: 115 அல்லது 116. ஆதாரக் கட்டத்தில் 'ஞானசெல்வி' என்று எழுதி, பக்கம் என்பதற்கு என்ன போடுவது என்று தெரியாமல் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். அவள் காப்பியை வைத்துவிட்டு அதைப் படித்தாள்.

"சரி, அடுத்த வருஷத்துக்கு ஒண்ணு. ஒழுங்காச் சொல்லணும். ரிசர்வ் வங்கி தொடங்குன..."

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி முப்பத்தஞ்சு, ஏப்ரல் ஒண்ணு."

அவர் முறைத்தார். "கேள்வி முடியட்டும்டி. அதோட பஸ்ஸர் அமுக்காமச் சொன்னா செல்லாது."

ஞானசெல்வி கரண்டியை எடுத்து, அவர் குடித்துக்கொண்டிருந்த டம்ளரில் 'டிங்' என்று ஒரு தட்டுத் தட்டினாள்.