பெட்டிக் கதவில் ஒட்டிய படம்

மலேசியாவின் தைப்பிங்கில் ரொஹாயாவைக் கோபக்காரி என்பார்கள். அந்த வட்டாரத்தில் மின்வேலைக்கான ஒயர்மேன் உரிமம் வாங்கிய பெண் அவள் ஒருத்திதான். அடுத்தவன் செய்துவைத்த அரைகுறை வேலையைத் திறந்து பார்ப்பதே பிழைப்பு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

முஸ்தாபா தன் மகள் நசிராவின் கல்யாண விருந்துக்கு முதல் நாள், பந்தலுக்கு விளக்கு இழுக்க ரொஹாயாவைக் கூப்பிட்டிருந்தார். மின்பெட்டிக் கதவின் உட்புறம் வயரிங் படம் ஒட்டியிருந்தது. அதைப் படிக்காமல் அவள் எந்தப் பெட்டியிலும் கை வைப்பதில்லை. மேலே மெயின் சுவிட்ச். அடுத்து, மின்கசிவு கண்டால் விழுகிற பிரேக்கர், 30 மில்லியாம்ப். அதிலிருந்து விளக்குக்கு 6 ஆம்ப், பிளக்குக்கு 20, வெந்நீர் ஹீட்டருக்கு 20. எல்லாவற்றுக்கும் எர்த்.

கசிவு பிரேக்கரின் சோதனைப் பொத்தானை அழுத்தினாள். விசை விழுந்தது; அதோடு வீடே இருண்டிருக்கவேண்டும், ஒரு விளக்குகூட அணையவில்லை. அவளுக்கு உச்சந்தலை சூடேறியது. மெயினை அணைத்து மூடியைக் கழற்றினாள். கசிவு பிரேக்கருக்குக் கீழே இருக்கவேண்டிய வயர்கள் அதைத் தாண்டி, மேலே மெயினோடு நேராக முடுக்கப்பட்டிருந்தன. ஹீட்டருக்கு 20 இருக்கவேண்டிய இடத்தில் 32. அதன் பச்சை எர்த் வயர் வெட்டுப்பட்டுத் தொங்கியது.

“எவன் வேலை இது, பாக் முஸ்தாபா?” என்று பெரியவரைக் கேட்டாள்.

“நான்தான் ஆள் வெச்சு செஞ்சேன். இடி இடிச்சா அந்த பிரேக்கர் டப்புனு விழுது லா. போன ராயா பெருநாளுக்கு ஊருக்குப் போய்ட்டு வந்தா, பிரிட்ஜ்ல இறைச்சியெல்லாம் நாறிக் கெடந்துச்சு. ஹீட்டர் போட்டாலும் விழுந்துச்சு. அந்தப் பச்சை வயர வெட்டி, பிரேக்கரத் தாண்டி வயர மாத்துனதும் சரியாப் போச்சு.”

“என்னத்த சரியாச்சு? ஹீட்டர் கசியுது! எர்த்துல போன கரண்ட் இனி குளிக்கிறவங்க உடம்புல போகும். ஆளக் கொல்ற அளவு கரண்ட் இந்த 32க்கும் தெரியாது, 20க்கும் தெரியாது. கசிவப் பாக்குறது இந்தக் கசிவு பிரேக்கர் ஒண்ணுதான். அது கண்ணையும் கட்டி விட்டீங்க!”

“கத்தாத. இன்னைக்கு ராத்திரி மாப்பிள்ளை வீட்டாளுங்க இங்கதான் தங்குறாங்க. வெந்நீர் இல்லேன்னா என் மானம் போயிடும். மெயினப் போடு.”

“போடமாட்டேன். கசிவு பிரேக்கர படத்துல இருக்கிற மாதிரி மாட்டிட்டு, ஹீட்டர அவுத்துப் போட்ட பிறகுதான் போடுவேன்.”

முஸ்தாபா முகம் சிவக்க அவளை நோக்கி வந்தார். உள்ளேயிருந்து நசிரா மருதாணிக் கையோடு ஓடிவந்து நடுவில் நின்று அப்பாவைப் பார்த்தாள்.

“அபா, குழாயத் தொட்டா சுள்ளுங்குதுன்னு போன வாரமே சொன்னேன்ல? செருப்பு போட்டுக் குளின்னு சொன்னீங்களே!”

முஸ்தாபா ஓரடி பின்வாங்கி வழிவிட்டார்.

ரொஹாயா ஹீட்டர் வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கிவிட்டுக் குளியலறைக்கு நடந்தாள். அதன் வாசலில் புது ரப்பர் செருப்புகள் வரிசையாக இருந்தன, விருந்தாளிகளுக்கென்று வாங்கியவை. தெரிந்தேதான் வாங்கியிருக்கிறார், பாவி மனுஷன்! கடைசி ஜோடியைக் கையில் எடுத்தாள். அது இரண்டு வயதுக் குழந்தையின் கால் அளவு.