வாசலை மறைத்தவர்

வெண்டல் ஸ்ட்ரூப்புக்கு வீடு என்றால் அதன் முகப்பு மட்டும்தான். உள்ளே யார் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்கு வேண்டாத கதை. அமெரிக்காவில் டேட்டன் பக்கம் கூரையும் வாசல் கதவும் மாற்றித் தரும் கம்பெனியில் அவன் விற்பனைக்காரன். நான் கதவு பொருத்துகிறவன். வெண்டல் மேகமூட்டமான நாளாகப் பார்த்து, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, வீட்டை நேருக்கு நேர் ஒரு போட்டோ எடுப்பான். வெயிலில் எடுத்தால் கூரையில் பாதி நிழல் விழுந்து, எந்த நிறத்தைப் போட்டாலும் ஒட்டவைத்த மாதிரி இருக்கும் என்பான்.

பிறகு டேப்லெட்டில் கூரையின் ஓரங்களை விரலால் வரைந்து பிரித்து, கரி நிறம், மர நிறம், சாம்பல் என்று மாற்றி மாற்றிக் காட்டுவான். கதவுக்கு நாலு மூலையைத் தொட்டால் போதும், புதுக் கதவு வந்து உட்கார்ந்துகொள்ளும். இதை யாரும் செய்யலாம். வெண்டலின் கெட்டிக்காரத்தனம் அழிப்பதில் இருந்தது. குப்பைத்தொட்டி, துருப்பிடித்த கார், மின்கம்பி எல்லாவற்றையும் விரலால் தேய்த்து எடுத்துவிடுவான். அந்த இடத்தில் புல்லும் செங்கல்லும் தானாக வந்துவிடும். வாடிக்கையாளர்கள் தங்கள் வீட்டையே பார்த்து வாய் பிளப்பார்கள். ஆள் கெட்டவன் இல்லை. ஆனால் ஈரம் என்று ஒன்று அவனிடம் நான் பார்த்ததில்லை.

ஹார்லன் என்ற பெரியவர் வீட்டுக்குக் கதவின் அளவெடுக்க நானும் கூடப் போயிருந்தேன். பக்கவாதம் வந்து ஹார்லனுக்கு ஒரு பக்கம் விழுந்து, நடக்க முடியாமல் போய்விட்டது. சர்ச்சுக்காரர்கள் வந்து, பழைய சிமெண்ட் படிகளுக்கு மேலேயே சக்கர நாற்காலி ஏற ஒரு மரச்சரிவு கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதன் உச்சியில், கதவுக்கு முன்னால், போர்வை போர்த்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். முதியோர் இல்லத்துக்குப் போய்விடேன் என்று மனைவி நேடின் பலமுறை கேட்டும் அவர் மறுத்துவிட்டாராம். சரிவு இருக்கிற வரைக்கும் நான் என் வீட்டில்தான் என்று எங்களிடமே சொல்லிச் சிரித்தார்.

வெண்டல் போட்டோ எடுத்துவிட்டு வந்தான். சமையலறை மேசையில் நேடின், ஹார்லன், நான். படத்தில் சரிவின் கைப்பிடியும் ஹார்லனும் கதவில் பாதியை மறைத்திருந்தார்கள். கதவின் அழகே கீழ்ப்பாதியில்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் தேய்த்தான். கைப்பிடி போயிற்று, பலகைகள் போயின, நாற்காலியும் போர்வையும் போயின. அங்கே மூன்று படிகள் வந்தன. கரும்பச்சைக் கதவை வைத்து டேப்லெட்டைத் திருப்பினான்.

நேடின் கண்ணை எடுக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள். நாங்கள் வாங்கின அன்றைக்கு இப்படித்தான் இருந்தது என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஹார்லன் எட்டிப் பார்த்தார்.

“நான் எங்கப்பா?”

“நீங்க கதவை மறைச்சீங்க சார்,” என்றான் வெண்டல், வெகு சாதாரணமாக. “அதான் எடுத்துட்டேன். வேணும்னா திரும்பக் கொண்டுவரலாம். மேடம், கொண்டுவரட்டுமா?”

நேடின் டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“வேண்டாம். இப்படியே இருக்கட்டும். அந்தச் சரிவைப் பிரிக்கிறதும் உங்க வேலைல சேருமா?”

ஹார்லன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பவே இல்லை. வெண்டல் சேரும் என்றான். கையெழுத்து வாங்கினான். வேனில் வரும்போது, அது ஒரு மனுஷன்டா என்று அவனைத் திட்டினேன். “அந்தம்மா கேட்டாங்க, நான் செஞ்சேன். உனக்கென்ன?” என்று ரேடியோவைத் திருப்பினான். ஓங்கி ஒன்று விட்டிருக்கலாம்.

வேலைக்குக் குறித்த நாளில்தான் முதியோர் இல்லத்து வண்டியையும் வரச் சொல்லியிருந்தாள் நேடின். ஹார்லன் எப்படிச் சம்மதித்தார் என்று தெரியவில்லை. சரிவைப் பிரிப்பது என்று ஆன பிறகு அவருக்கு வேறு வழி என்ன இருந்தது? காலையில் வரவேண்டிய வண்டி வரவில்லை. அவளோ எங்களைக் காத்திருக்க விடவில்லை. நானும் உதவியாளும் சரிவைப் பிரித்தோம், பழைய கதவைப் பெயர்த்தோம், புதியதை நிறுத்தினோம். அவர் கூடத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு அவ்வளவையும் பார்த்தபடி இருந்தார். மதியம் வண்டி வந்தபோது இறங்க வழி இல்லை. நாங்களும் வண்டிக்காரர்களுமாக நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கினோம். ஒவ்வொரு படியிலும் அவர் தலை ஆடியது. முடிந்த வேலையைப் படம் எடுக்க வந்திருந்த வெண்டல், பார்த்து, பெயின்ட் உராயாமல் தூக்குங்கள் என்றான்.

கீழே இறக்கியதும் ஹார்லன் நாற்காலியைத் திருப்பச் சொன்னார். கதவை ரொம்ப நேரம் பார்த்தார்.

“படத்துல இவ்ளோ கறுப்பா இல்லையே, நேடின்.”

“எனக்குப் பிடிச்சிருக்கு,” என்றாள் அவள். பிறகு, சரியாகப் பூட்டுகிறதா என்று பார்க்க, உள்ளே இருந்தபடியே கதவைச் சாத்தினாள்.