ஒரு, அடுத்த வரியில் கால்

மருத்துவமனையின் பழைய பதிவறையில் அவளுக்குக் கண்ணாடியம்மா என்று பெயர். பத்தொன்பது ஆண்டுகளாகப் பிறர் கையெழுத்தைப் படித்துக் கணினியில் அடிப்பது அவள் வேலை. கழுத்து பிடித்துக்கொள்ளும், கண் எரியும். வீட்டுக்காரர், "இன்னிக்கு என்ன எழுதின?" என்று கேட்பார். "நான் எதுவும் எழுதலைங்க, பார்த்து அடிச்சேன்" என்பாள். பத்தொன்பது ஆண்டுகளாக இதே கேள்வி, இதே பதில்.

பழைய அறுவை மருத்துவர் ஒருவரின் குறிப்பேட்டைப் புத்தகமாக்க முடிவாகியிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அவர் வரி எங்கே முடித்தாரோ அங்கேயே தானும் முடித்து, சொல் உடைந்த இடத்தில் அவர் போட்ட சிறுகோட்டையும் விடாமல் அடித்திருந்தாள். கண்காணிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, கொத்து கொத்தா? பத்தியா ஓட்டிக் குடுங்க. வரி எங்க முடிஞ்சதுன்னு எவன் பார்க்கப் போறான்?"

தோளைக் குலுக்கிவிட்டு ஓட்டிக் கொடுத்தாள். கணினிக்கு இட்ட கட்டளை இதுதான்: சிறுகோடு இருந்த இடத்தில் கோட்டை எடுத்துவிட்டுச் சொல்லை ஒட்டு. மற்ற வரி முடிவுகளில் ஓர் இடைவெளி போடு. கணினி அதை ஒரு நொடியில் செய்தது. மருத்துவரோ சில இடங்களில் சிறுகோடு போட மறந்திருந்தார். அதனால் 'மருத்து வமனை' என்று பிளந்து வந்தவற்றையெல்லாம் மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டவைத்தாள். எல்லாம் அதே கோப்பில். பழையதற்கு நகல் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

பிறகுதான் அந்தப் பெண் வந்தாள். அறுபதைத் தாண்டியவள். அவள் அப்பா இங்கேதான் ஒரு காலை இழந்தவர்.

"விரலுக்குத்தான் சரின்னேன், காலையே எடுத்துட்டாங்கன்னு சாகற வரைக்கும் சொன்னாரு. 'எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்து இப்ப கதை விடுறாரு'ன்னு அம்மா ஒரு நாளும் நம்பலை. என்னதான் எழுதியிருக்குன்னு பார்த்துட்டுப் போறேன்க்கா."

கண்ணாடியம்மா கோப்பில் அவள் அப்பாவைப் பற்றிய குறிப்பைத் தேடி எடுத்து, திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

'கால்விரல் கறுத்திருக்கிறது. ஒரு கால் எடுக்க நேரிடலாம் என்றேன். சம்மதித்தார்.'

வந்தவள் இரண்டு முறை படித்தாள். "அப்ப அப்பா சொன்னது பொய்தானா?" குரலில் கோபம் இல்லை. அப்பாவுக்காக அம்மாவிடம் இனித் தோற்பதற்கு அம்மாவும் உயிரோடு இல்லை என்பதுபோல இருந்தது.

கண்ணாடியம்மாவுக்கு ஏதோ உறுத்தியது. மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்தாள். 'ஒரு' என்பதோடு வரி முடிந்திருந்தது. 'கால்' அடுத்த வரியின் தொடக்கம். சிறுகோடு இல்லை. நடுவிலிருந்த இடைவெளி மருத்துவர் விட்டதன்று. அவள் கட்டளைப்படி கணினி போட்டது. 'மருத்து வமனை' கண்ணில் குத்தியதுபோல் இது குத்தவில்லை. பிரித்தாலும் பொருள், சேர்த்தாலும் பொருள். சேர்த்தால் 'ஒருகால்', ஒருவேளை விரலை எடுக்க நேரிடலாம். பிரித்தால், ஒரு காலையே.

குறிப்பேடு முழுக்கத் தேடினாள். 'ஒருவேளை' என்ற பொருளில் 'ஒருகால்' என்று அவர் பதினேழு இடத்தில் எழுதியிருந்தார். ஆனால் கால் எடுத்த கதையும் ஒன்பது இடத்தில் இருந்தது. வரி முடிவில் சொல் உடைந்தபோது நான்கில் ஒரு முறை சிறுகோட்டை மறந்திருந்தார். கணக்கு எந்தப் பக்கமும் சாயவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் வந்தவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப சேர்த்து அடிச்சுடுங்கக்கா. ஒரு தட்டுதானே?"

ஒரு தட்டுதான். அதைவிட எளிதான வேலை அன்று முழுக்க அவளுக்கு வாய்க்கவில்லை.

"சேர்த்தா அது நான் சொல்றது ஆயிடும்மா. பிரிச்சு வச்சதும் நான் சொன்னதுதான், தெரியாம. அவர் சொன்னது இவ்வளவுதான்." படத்தில் வரியின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன்?"

கண்ணாடியம்மா எழுந்து கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள்.

"பழையபடி வரிக்கு வரி போடணும் சார்."

"ஒரு இடைவெளிக்காகவா?"

"இது ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. படாதது எத்தனைன்னு தெரியலை."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அச்சகத்துக்குக் குடுக்கற தேதி மாறாது. நீங்களே உட்கார்ந்து உடைங்க. என்கிட்ட ஆள் கேக்காதீங்க."

"கேக்கலை சார்."

திரும்பி வந்தபோது அந்தப் பெண் போகாமல் இருந்தாள். "புத்தகத்துல எப்படி வரும்?"

"உடைஞ்சபடியே."

"படிக்கிறவங்க?"

"அவங்க பாடு."

அவள் படத்தில் அந்த வரியின் ஓரத்தைத் தானும் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அம்மா ஒரு தடவையாவது 'இருக்கலாம்'னு சொல்லியிருக்கலாம்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தின் படத்தை மட்டும் அச்சடித்து வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லாமல் போய்விட்டாள்.

கண்ணாடியம்மா முதல் பக்கத்தின் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். முதல் வரி 'காலை' என்ற சொல்லில் முடிந்தது. அங்கே உடைத்தாள். முதல் பக்கத்தின் மீதியும், பின்னால் இருநூற்றுப் பதினொரு பக்கமும் அப்படியே இருந்தன.