இரண்டாவது வெர்ஷன்

என் தம்பி டிசைன் படித்தவன். பட்டம் வாங்கிய நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருப்பான். அம்மா போன பிறகு அதுவும் மோசம். சாப்பிடு என்றால் சாப்பிடுவான், எழுந்திரு என்றால் எழுந்திருப்பான். அழவே இல்லை. நானும் பெரிதாக அழவில்லை. பகலெல்லாம் ஒரு கம்பெனியில் போனில் புகார் கேட்கிற வேலை எனக்கு. ஊரார் கத்துவதைக் கேட்டுவிட்டு வந்து நான் இவனிடம் கத்துவேன். பழக்கதோஷத்தில் கத்துவதுதான். உள்ளே ஒன்றுமே இருக்காது.

வேலைக்கு விண்ணப்பிக்க அவர்கள் துறையில் வெறும் பயோடேட்டா போதாதாம். போர்ட்ஃபோலியோ வேண்டும். செய்த வேலைகளில் நல்லதாக மூன்றை எடுத்து, என்ன பிரச்சினை, நீ என்ன செய்தாய், எப்படி யோசித்தாய், கடைசியில் என்ன மாறியது என்று ஸ்லைடு ஸ்லைடாகக் காட்ட வேண்டும். இவன் ஏழெட்டைத் திணித்து எங்கெங்கோ அனுப்பினான். எவனும் பதில் போடவில்லை.

கல்லூரியில் இவனுக்குச் சீனியராக இருந்த பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு சரசரவென்று தள்ளிப் பார்த்தாள்.

"எல்லாம் அழகாத்தான் இருக்கு. ஆனா எல்லா இடத்துலயும் 'நாங்க, நாங்க'ன்னு போட்டிருக்க. நாலு பேர் சேந்து பண்ணினதுல நீ எதைப் பண்ணின?"

"லைப்ரரி ஆப்ல சீட் புக் பண்ற ஸ்கிரீன் மட்டும் நான்."

"அப்ப அதைச் சொல்லு. பூசி மெழுகாத. பேக்கரி பாக்கெட்ல எக்ஸ்பயரி தேதியைப் பெரிசாப் போட்டது நல்ல வேலை, அது இருக்கட்டும். மூணாவதா என்ன வைக்கப் போற?"

அவன் மேஜை ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மாவுக்கு மாத்திரை டப்பா பண்ணினியேடா, அதை வை!" என்றேன்.

அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி வேறு ஒன்று. கண்ணில் புரை விழுந்து எது எதுவென்று தடுமாறிக்கொண்டிருந்தாள். அவளுக்காக இவன் ஒரு டப்பா செய்து, மாற்றி, மறுபடி செய்தான். கடைசியாகச் செய்தது காலைக்கு வட்ட டப்பா, ராத்திரிக்குச் சதுர டப்பா. வட்டம் அடுப்படியில் இருக்கும், சதுரம் தலைமாட்டில். கண்ணே வேண்டாம், கை வைத்தால் தெரிந்துவிடும். அதற்கப்புறம் ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அம்மா போனது நிமோனியாவில்.

"இதுதான் உன்னோட பெஸ்ட்டு. இதைக் கடைசியா வை" என்று சொல்லிவிட்டுச் சீனியர் போனாள்.

வைத்தான். புதுசாக்கிய போர்ட்ஃபோலியோவை ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பினான். ஒரே வாரத்தில் வீடியோ காலில் நேர்காணல் என்று தகவல் வந்தது. "சந்தோஷமா இருக்காடா?" என்று கேட்டேன். "தெரியலக்கா" என்றான். அந்த வேலையும் கிடைக்காவிட்டால் இவன் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்றுமில்லாமல் போய்விடுவான் என்று எனக்குப் பயம். எதுவுமே உறைக்காத எனக்கு அந்தப் பயம் மட்டும் நன்றாக உறைத்தது.

நேர்காணலன்று லீவு போட்டுவிட்டு அடுப்படியில் வெங்காயம் நறுக்குவதாகப் பெயர் பண்ணிக்கொண்டு நின்றேன். ஹெட்செட் கெட்டுப்போயிருந்ததால் பேச்செல்லாம் எனக்கும் கேட்டது. அந்தப் பக்கம் டிசைன் ஹெட், நிதானமான குரலுள்ள ஒரு அம்மாள். லைப்ரரியைக் கேட்டாள், சொன்னான். பேக்கரியைக் கேட்டாள், தேதி கண்ணில் படாததால் திரும்பி வந்த பாக்கெட்டுகள் எவ்வளவு குறைந்தன என்று சொன்னான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. போர்டைப் பார்த்து வாசிக்கிற மாதிரி இருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்றாவதில் அவள் நின்றாள்.

"வெர்ஷன் ஒண்ணு, எழுத்து சின்னதா இருந்ததால அவங்களால படிக்க முடியல. சரி. அடுத்த ஸ்லைடு வெர்ஷன் மூணுன்னு இருக்கே. ரெண்டு எங்க?"

ஸ்லைடைத் தூக்கியிருக்கிறான். நம்பரை மாற்ற மறந்திருக்கிறான், மடையன்!

அவன் நாற்காலியை முன்னால் இழுக்கும் சத்தம் கேட்டது. "ரெண்டாவதுல எழுத்தை எடுத்துட்டு கலர் போட்டேங்க. காலைக்குப் பச்சை, ராத்திரிக்கு நீலம். அம்மாகிட்ட குடுத்துட்டு, எப்படிம்மா இருக்குன்னு கேட்டேன். 'ரொம்ப நல்லா இருக்குப்பா'ன்னாங்க. அதையே யூசர் கமென்டா ஸ்லைடுல போட்டேன்."

"அப்புறம்?"

"புரை விழுந்த கண்ணுக்குப் பச்சையும் நீலமும் ஒரே மாதிரி தெரியும்னு எனக்குத் தெரியாது. ரெண்டு மாத்திரையையும் காலையிலேயே போட்டுட்டாங்க. பிரஷர் இறங்கி மயக்கமாகி விழுந்துட்டாங்க. ராத்திரி டப்பா காலியா இருந்ததைப் பார்த்துதான் எனக்கே சந்தேகம். ரெண்டு மூடியையும் முன்னால வெச்சு, எதும்மா பச்சைன்னு கேட்டேன். ரெண்டையும் காட்டினாங்க."

அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகத்தான் என்னிடம் சொன்னாள். அதை நம்பி நான் கடை கடையாக ஏறி ரப்பர் மிதியடி வாங்கி வந்து போட்டேன். இன்றைக்கும் அது அங்கேதான் கிடக்கிறது.

"முன்னாடியே ஏன் சொல்லலைன்னு கேட்டீங்களா?" அந்த அம்மாள் கேட்டாள்.

"கேட்டேன். 'நீ கஷ்டப்பட்டுப் பண்ணினது, குறை சொல்ல மனசு வரலடா'ன்னாங்க. தப்பு என்னோடதுங்க. என்மேல பாசமா இருக்கறவங்ககிட்டயே போயி நல்லா இருக்கான்னு கேட்டேன். வேற என்ன சொல்லுவாங்க? கையில குடுத்துட்டு, பேசாம நின்னு பாத்திருக்கணும்."

அந்தப் பக்கம் எதையோ தட்டிக் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க எடுத்துட்ட அந்த ஸ்லைடுதான் எனக்கு வேணும். திரும்பச் சேத்து சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க. அதை டீமுக்குக் காட்டிட்டுத்தான் முடிவு சொல்ல முடியும்" என்றாள்.

கால் முடிந்தது. நான் மிச்ச வெங்காயத்தை நறுக்கி முடித்தேன். அவன் லேப்டாப்பில் டக்டக்கென்று தட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வெயில் இறங்குகிற நேரத்தில் கூப்பிட்டான்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாரேன்."

பச்சை மூடியும் நீல மூடியும் பக்கத்தில் பக்கத்தில். கீழே அதே படம், அம்மா கண்ணுக்குத் தெரிந்தபடி. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். மேலே அம்மா சொன்னது: ரொம்ப நல்லா இருக்குப்பா. ஓரத்தில் அவன் எழுதியிருந்தான்: இது தோற்ற வெர்ஷன். பயனர் அதை என்னிடமிருந்து மறைத்தார்.

"எப்படி இருக்கு?" என்றான்.

நல்லா இருக்குடா என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டேன்.

"ஓரத்துல எழுதினது பொடியா இருக்கு. படிக்கவே முடியல. மாத்து."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். முகம் கோணியது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு வராத அழுகை, மேஜை அதிர, லேப்டாப்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வந்தது. நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு வரவில்லை. அவன் முதுகில் கையை மட்டும் வைத்திருந்தேன்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுத்தைப் பெரிதாக்கினான்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"இப்பத் தெரியுது. அனுப்பு."

அனுப்பினான். மறு வாரம் வேலை கிடைத்தது. அந்தச் செய்தி வந்தபோது நான் பாத்ரூம் மிதியடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக்கையோடு போய் அவன் போனை வாங்கிப் படித்துவிட்டு, திரும்பி வந்து அப்படியே உட்கார்ந்து அழுதேன்.