மூலத்தைப் பார்க்கக் கூடாதவன்

பதுளையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. அதற்கு முன் மொனராகலையில் கரும்பு வெட்டினேன். பெரகலச் சந்தியில் ரொட்டி போட்டேன். பெயர்ப்பலகை எழுதும் ஒருவரோடு ஊர் ஊராக அலைந்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நான் சிங்களம் எழுதக் கற்றது அந்தப் பலகைகளில்தான்.

துணிக்கடை முதலாளியின் மகன் மேல்மாடியில் மொழிபெயர்ப்பு நிலையம் வைத்திருந்தார். மண்சரிவு எச்சரிக்கைத் துண்டுப்பிரசுரம் ஒன்று சிங்களத்தில் வந்திருந்தது. ஓய்வுபெற்ற தோட்டப்புற ஆசிரியை ஒருவர் அதைத் தமிழாக்கி முடித்திருந்தார். அந்தத் தமிழை மட்டும் என்னிடம் தந்து, திரும்பவும் சிங்களத்தில் எழுதச் சொன்னார் முதலாளியின் மகன்.

"மூலம் எங்கங்க?"

"அத நீங்க பார்க்கவே கூடாது, அண்ணே. பார்த்தா, தமிழ்ல இல்லாததையும் மனசு போட்டு நிரப்பிடும். தப்புன்னு பட்டாலும் திருத்தாதீங்க. இருக்கிறத அப்படியே எழுதுங்க. நீங்க எழுதினதையும் மூலத்தையும் நான் பக்கத்துல வச்சுப் பார்ப்பேன். அப்பத்தான் தமிழ்ல எது மாறிப்போச்சுன்னு தெரியும்."

அந்தப் பிரசுரம் போகவிருந்த தோட்டத் தொழிலாளர் லயங்களில் ஒன்றில் என் அக்கா இருந்தாள். அவள் வீட்டுக்குப் பின்னால் மலை நிமிர்ந்து நிற்கும். மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, எங்கள் பக்கத்தில் மழை பிடித்தால் யாரும் வானத்தைப் பார்க்கமாட்டார்கள், மலையைத்தான் பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி எழுதினேன்.

மறுநாள் டீச்சரையும் வரவழைத்து மூவரும் உட்கார்ந்தோம். முதலாளியின் மகன் இரண்டு சிங்களத் தாள்களையும் வரி வரியாக ஒப்பிட்டார். முதலில் அகப்பட்டது நான்தான். பிள்ளைகளையும் வயதானவர்களையும் முதலில் அனுப்பும்படி சொன்ன வரி என் தாளில் இல்லை. டீச்சரின் தமிழைப் புரட்டினார். அங்கே இருந்தது.

"இது உங்க கணக்கு, அண்ணே. டீச்சர் தப்பிச்சாங்க."

"தம்பி ரொட்டி ஞாபகத்துல இருந்திருப்பாரு" என்றார் டீச்சர். எனக்கே சிரிப்பு வந்தது.

அடுத்தது சிரிப்பாக இல்லை. புதிதாக ஊற்று கிளம்பினாலும், இருந்த ஊற்று திடீரென்று நின்றாலும் ஆபத்து என்றது மூலம். என் தாளில் கிளம்புவது மட்டும் இருந்தது. தமிழிலும் அவ்வளவுதான். டீச்சர் பேனாவை எடுத்து, விட்ட பாதியைத் தானே எழுதினார்.

பிறகு கடைசி வரி. இந்த அடையாளங்கள் தெரிந்தால் உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொன்னது மூலம். என் சிங்களமோ, தோட்ட நிர்வாகத்துக்கு அறிவித்துவிட்டு உடனே போகச் சொன்னது. தமிழும் அப்படியே இருந்தது. எழுதும்போது எனக்கு அது உறுத்தவே இல்லை. லயத்தில் பிறந்தவனுக்கு உறுத்தாது. குடியிருக்கும் காம்பராவின் கூரைத் தகரம் மாற்றவும் தோட்ட ஆபீசில் சொல்லித்தானே பழக்கம்.

"நிர்வாகம் மூலத்துல இல்லீங்களே, டீச்சர்" என்றார் முதலாளியின் மகன்.

"இல்லதான். ஆனா ஆபீஸ்ல தொரகிட்ட சொல்லாம எங்க சனம் கெளம்புமா? நடக்கிறதத்தான் எழுதினேன்."

"ஆபீஸ் எங்க இருக்கு?"

"மலைக்கு அந்தப் பக்கம்" என்றேன் நான். "அக்கா வீட்டுல இருந்து மழையில போய்ச் சொல்லிட்டு வர்றதுக்குள்ள வீடே இருக்காது, டீச்சர்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, வெட்டுங்க. ஆனா வெட்டினா மட்டும் போதாது. எழுதலன்னாலும் அவங்க ஆபீசுக்குத்தான் மொதல்ல ஓடுவாங்க. யாருக்கும் காத்திருக்க வேணாம்னு போடணும்."

"அதுவும் மூலத்துல இல்லையே. நாமளா போட்டா இதே தப்பத்தான் திரும்பச் செய்யறோம்."

முதலாளியின் மகன் அங்கேயே பிரசுரத்தைத் தயாரித்தவர்களுக்குத் தொலைபேசி எடுத்தார். டீச்சர் சொன்னதைச் சிங்களத்தில் விளக்கினார். அவர்கள் ஒப்புக்கொண்டு, யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம் என்ற வரியை மூலத்திலேயே சேர்த்து அனுப்பினார்கள். டீச்சர் அதைத் தமிழாக்கினார். அதையும் சிங்களத்தில் திருப்பி எழுத நான் கை நீட்டினேன்.

"நீங்க ஆகாது, அண்ணே. உங்களுக்கு மூலம் தெரிஞ்சு போச்சு."

மொனராகலையில் எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொன்னேன். சந்தைக் கணக்கு எழுதுபவர், இரண்டு மொழியும் சுத்தமாக வரும். தமிழ் மட்டும் அவருக்குப் போனது. அவர் அனுப்பிய சிங்களத்தில் புது வரி முழுதாக இருந்தது, ஊற்றின் இரண்டு பாதியும் இருந்தன, நிர்வாகம் இல்லை. அதன் பிறகே அச்சுக்குக் கொடுத்தார்கள்.

அக்கா லயத்துக்கு நானே கொண்டு போனேன். வாசலில் நின்றபடி வாய்விட்டுப் படித்தாள். கடைசி வரியில் நிறுத்தினாள்.

"அப்ப தொரகிட்ட சொல்ல வேணாமாடா?"

"சொல்லு. பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு மலைக்குத் தள்ளி இருக்கிற மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு, அங்க இருந்து சொல்லு."

அவள் மலையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே போய், பிள்ளைகளை அழைத்து, முதலிலிருந்து மறுபடியும் படிக்கத் தொடங்கினாள்.