தண்டல் அட்டைக்கு வருட வட்டி

1. கரையான்சாவடியில் டிபன் கடை வைத்திருக்கும் என் அம்மா பத்தாயிரம் ரூபாய் தண்டல் கடன் வாங்கினாள். வட்டியை முன்பே பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தார்கள்.
2. தினம் நூறு ரூபாயாக நூறு நாளும் கட்டியது அட்டையில் பதிவாகியிருந்தது.
3. தண்டல்காரர் புது அட்டையோடு வந்தார்.

"பதினஞ்சு வட்டிதான்," என்றார்.

"தினமும் அசலும் குறையுது. சராசரியா பாதிப் பணம்தான் எங்க கையில," என்று சொல்லி, அட்டைப் பதிவுகளை போனில் கணக்கிட்டுக் காட்டினேன். நாளுக்கு 0.33 சதவீதம், கூட்டு வட்டியாக வருடத்துக்குச் சுமார் 235.

"நாளைக்கு அரிசி உன் போனா வாங்கித் தரும்?" என்றார்.

அம்மா என்னை முறைத்தாள். "உன் காலேஜ் ஃபீஸும் தண்டல்லதான் கட்னேன். அதுக்கும் போடு கணக்கு."

கையெழுத்துப் போட்டாள். இப்போது புது அட்டை ஓடுகிறது. அம்மா என்னிடம் பேசுவதில்லை.